‘சரி’ என்று எழுதினால் போதுமா?

பாசிக்குடாக் கடற்கரையில் 2011 தொடக்கம் ஹோட்டல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. கல்குடா, வாழைச்சேனைப் பகுதிகளிலிருந்து அங்கே அறை துப்புரவு வேலைக்குச் செல்லும் எமது சகோதரிகள், வேறு மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள மொழி பேசும் பெண்களுடன் ஒன்றாக வேலை செய்கிறார்கள். காலை ஷிப்டில் ஒருவர் தொடங்கிய அறையை மாலை ஷிப்டில் மற்றவர் முடிக்க வேண்டியிருக்கும். இருவருக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் ஒரு துண்டுக் கடதாசிதான். பிழை நடந்தால் மேற்பார்வையாளர் முதலில் கேட்பதும் அந்தக் கடதாசியைத்தான். ஆகவே கையளிப்புக் குறிப்பை எப்படி எழுதுவது என்று இம்முறை பார்ப்போம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். காலை ஷிப்ட் பிற்பகல் 3 மணிக்கு முடிகிறது. 2.40 மணிக்கு 112ஆம் அறையின் மலசலகூடக் கோப்பையில் ஒரு சகோதரி அமிலத் திரவத்தை ஊற்றி ஊறவிடுகிறார். அந்த நேரம் பார்த்து வேறு அறைக்கு அழைப்பு வருகிறது. துவாய்களும் இன்னும் வைக்கப்படவில்லை. அவசரத்தில் அவர் இப்படி எழுதிவிட்டுப் போகிறார்:

“112 ரொய்லட் சரி, பிறகு கழுவ வேணும். துவாய் இல்லை.”

மாலையில் வருபவர் தமிழ் எழுத்துகளைக் கூட்டி வாசிக்கக்கூடிய சிங்களச் சகோதரி. அவருக்குத் தெளிவாக விளங்குவது ‘112’, ‘ரொய்லட்’, ‘சரி’ என்ற மூன்றும்தான். வேலை முடிந்துவிட்டது, கிருமி நீக்கம் மட்டுமே மிச்சம் என்று எண்ணி, அதே கோப்பைக்குள் குளோரின் கலந்த வெளிற்றும் திரவத்தை ஊற்றுகிறார். அமிலமும் வெளிற்றும் திரவமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். யன்னல் இல்லாத சிறிய குளியலறையில் அது கண்ணை எரிக்கும், இருமல் வரும், மூச்சுத் திணறும். இருவருமே வேலை தெரிந்தவர்கள், கவனமானவர்கள். குறிப்புத்தான் அவர்களை ஏமாற்றியது.

அந்த ஒரு வரியில் என்ன பிழை? முதலாவது ‘சரி’ என்ற சொல். வேலை முடிந்தது என்றும் அதற்குப் பொருள், பார்த்துவிட்டேன் என்றும் பொருள், பழுது திருத்தியாயிற்று என்றும் பொருள். சிங்களத்தில் ‘ஹரி’ என்பதும் ஏறக்குறைய இதே போலத்தான். இரண்டு சொற்களும் ஓசையிலும் பொருளிலும் நெருங்கியிருப்பதால், விளங்கவில்லை என்ற சந்தேகமே எவருக்கும் வருவதில்லை. முற்றிலும் தெரியாத ஒரு சொல்லாக இருந்தால் யாரிடமாவது கேட்டிருப்பார். அரைகுறையாகத் தெரிந்த சொல்தான் அதிக ஆபத்தானது.

இரண்டாவது ‘இல்லை’. துவாய் இல்லை என்றால் அறையில் இல்லையா, களஞ்சியத்தில் இல்லையா, விருந்தினர் வேண்டாம் என்றாரா? இன்னுமொன்றும் உண்டு. ‘கழுவவில்லை’ என்று எழுதும்போது மறுப்பு சொல்லின் கடைசியில் வருகிறது. சிங்களத்திலும் ‘நே’ கடைசியில்தான் வரும். சிறிய கட்டத்துக்குள் எழுதும்போது வரியின் கடைசிப் பகுதிதான் நெருக்கப்படும், ஈரக்கை பட்டு அழியும். அப்படி அழிந்தால் பொருள் தலைகீழாகிவிடும். ஆகவே செய்யாததைச் சொல்வதை விட்டு, இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். அதற்கு ‘மீதி’ என்ற ஒரு சொல்லை எல்லோரும் பழகிக்கொண்டால் போதும்.

மூன்றாவது ‘பிறகு’. எத்தனை மணிக்கு என்பது அதில் இல்லை. நள்ளிரவு தாண்டி வேலை செய்யும் இடத்தில் ‘நாளை’ என்பதும் குழப்பமே. இலக்கங்கள் இரு மொழியினருக்கும் ஒன்றுதான். ஆகவே நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுவது நல்லது. 7 மணி என்றால் காலையா மாலையா என்று கேட்க நேரும். 19.00 என்றால் கேள்வி இல்லை.

இப்போது அதே குறிப்பைத் திருத்தி எழுதுவோம்:

112 / மலசலகூடம் / மீதி: அமிலம் உள்ளே, கழுவுதல் / 14.40
112 / துவாய் / மீதி: பெரியது 2, சிறியது 2 / 14.40

ஒரு வரிக்கு ஒரு வேலை. முதலில் அறை இலக்கம், பின் இடம் அல்லது பொருள், பின் மீதி, கடைசியில் நேரம். இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறக்கூடாது. ஒழுங்கு மாறாவிட்டால் எழுத்துத் தெரியாதவருக்கும் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கும் என்பது பழகிவிடும். முடிந்த வேலைக்கு ‘முடிந்தது’ என்ற ஒரே சொல்தான். எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். வெற்றுக் கட்டம் முடியவில்லை என்பதைக் காட்டுகிறதா, பார்க்கவேயில்லை என்பதைக் காட்டுகிறதா என்று எவருக்கும் தெரியாது.

அடிக்கடி வரும் சொற்கள் பத்துப் பன்னிரண்டுதான்: கட்டில், விரிப்பு, துவாய், மலசலகூடம், குப்பை, மின்குமிழ், குளிரூட்டி, முடிந்தது, மீதி போன்றவை. இவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் அருகருகே அச்சிட்ட படிவம் ஒன்றை மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அப்போது எழுத வேண்டியது பெரும்பாலும் இலக்கம் மட்டுமே. மற்றச் சொல்லுக்கு ஒரு வட்டம் போட்டால் போதும். படிவம் கிடைக்கும்வரை, இரு மொழிப் பெண்களும் சேர்ந்து அச்சொற்களை ஒரு மட்டையில் எழுதித் துப்புரவு வண்டியில் கட்டிவைக்கலாம்.

குறிப்பை மேசையில் வைத்துவிட்டுப் போவதுடன் கையளிப்பு முடிவதில்லை. வருபவர் மீதியுள்ள வரிகளை விரலால் தொட்டு, தன் மொழியிலேயே திரும்பச் சொல்ல வேண்டும். கொடுப்பவர் தலையாட்டலை மட்டும் ஏற்கக்கூடாது. விளங்காதவரும் மரியாதைக்காகத் தலையாட்டுவார். “112, துவாய், இரண்டு” என்று அவர் வாயால் வந்தால்தான் குறிப்பு போய்ச் சேர்ந்தது. ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு இரண்டு ஷிப்டும் ஒரே நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். அதை வேலை நேரமாகக் கணக்கிடும்படி கேட்பது நியாயமானது.

சில விடயங்களைக் கடதாசியை மட்டும் நம்பி விடக்கூடாது. இரசாயனத் திரவம் அவற்றில் ஒன்று. ஷிப்ட் முடிய அரை மணித்தியாலம் இருக்கும்போது எதையும் ஊறவைக்காமல் இருப்பதே பாதுகாப்பு. தவிர்க்க முடியாமல் வைத்தால், கதவில் அடையாள அட்டை தொங்கவிட்டு, வருபவரை அறைக்கே அழைத்துச் சென்று காட்டுங்கள். கடுமையான வாடை வந்தால் எதையும் மேலும் ஊற்றாமல் உடனே வெளியேறி மேற்பார்வையாளருக்கு அறிவியுங்கள்.

மற்றது, தகாத விதமாக நடந்துகொள்ளும் விருந்தினர் தங்கும் அறை. வெட்கத்தினால் இதை எழுதாமல் விடுபவர்கள் உண்டு. அதன் விளைவை அடுத்த ஷிப்டில் தனியாகப் போகும் பெண்தான் அனுபவிப்பார். நடந்ததைக் கடதாசியில் விபரிக்கத் தேவையில்லை. அறை இலக்கத்துக்கு எதிரே ‘இருவர்’ என்று எழுதுங்கள். சிங்களத்தில் ‘தென்னெக்’. வெறும் 2 என்று போடாதீர்கள், அதைத் துவாய்க் கணக்கென்று எண்ணுவார்கள். இருவர் என்று இருந்தால் அந்த அறைக்குத் தனியாக எவரும் போவதில்லை என்று இரு மொழிப் பெண்களும் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். நடந்ததை மேற்பார்வையாளரிடம் அன்றே நேரில் சொல்லுங்கள்.

ஒவ்வொரு தாளிலும் திகதியும், கொடுத்தவர் பெற்றவர் இருவரது கையொப்பமும் இருக்கட்டும். “நான் சொன்னேன்”, “எனக்குச் சொல்லவில்லை” என்ற வாக்குவாதம் வரும்போது, எந்த மொழிக்காரரின் பேச்சு எடுபடும் என்ற கவலை அப்போது இராது.