படம் யாருக்கு, லோகோ யாருக்கு: எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குவது பற்றி எங்கள் நிலைப்பாடு

திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்கள் பாரம்பரிய ரகங்களை மீண்டும் வயலுக்குக் கொண்டுவந்தன. மாப்பிள்ளைச் சம்பாவையும் கருப்புக் கவுனியையும் தாங்களே அரிசியாக்கி, சொந்தப் பெயரில் பை போட்டு விற்கும் உழவர்கள் இன்று எங்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பைக்குப் படம் எடுக்கும் போட்டோகிராபர்களும் லோகோ வரையும் டிசைனர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்குள் வேலை பெரும்பாலும் ஒரு போன் பேச்சில் முடிவாகிறது. வேலை, கட்டணம், பயன்பாட்டு உரிமை ஆகிய மூன்றையும் எழுதிக் கையெழுத்திடாமல் எங்கள் உறுப்பினர் எவரும் வேலை கொடுக்கவோ எடுக்கவோ கூடாது என்பது சங்கத்தின் நிலைப்பாடு.

எதுவும் எழுதாமல் விட்டால் படத்துக்கு ஒரு விதமாகவும் லோகோவுக்கு நேர்மாறாகவும் சட்டம் தீர்ப்புச் சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர். மாறாக ஒப்பந்தம் இருந்தால்தான் உரிமை போட்டோகிராபரிடம் நிற்கும். லோகோவுக்கும் பை டிசைனுக்கும் இந்த விதி பொருந்தாது. சம்பள வேலைக்காரராக இல்லாமல் தனியாகத் தொழில் செய்யும் டிசைனர் வரைந்தால், முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகும் உரிமை அவரிடமே இருக்கும். ஆக, எழுதாமல் விட்டால் படத்தில் போட்டோகிராபர் இழக்கிறார், லோகோவில் அரிசிக்காரர் இழக்கிறார்.

எழுதினாலும் அரைகுறையாக எழுதக் கூடாது. உரிமை மாற்றத்துக்கு எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிற 19ஆவது பிரிவு, காலம் குறிப்பிடாத மாற்றத்தை ஐந்து ஆண்டுக்கு மட்டும் என்று கொள்கிறது. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அது காலாவதியாகும். “லோகோவை எழுதிக் கொடுத்துவிட்டேன்” என்ற ஒற்றை வரியை நம்பிப் பை அடிப்பவர், ஆறாம் ஆண்டில் தன் சொந்தப் பையிலுள்ள லோகோவுக்கே மறுபடி அனுமதி கேட்க வேண்டிவரும். ஆகவே லோகோவைப் பொறுத்தவரை பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், உடனே பயன்படுத்தாவிட்டாலும் செல்லும்படி எழுதி வாங்குங்கள். டிசைனர் அதற்குத் தனிக் கட்டணம் கேட்பது நியாயம் என்றே நாங்கள் கருதுகிறோம்.

எடுத்துக்காட்டாக, ஒரு உழவர் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஒரு கிலோ பை போட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பச்சை வயல் படமும் வேண்டும், அறுவடைப் படமும் வேண்டும். சம்பாப் பட்டத்தில் இவை ஒரே நாளில் கிடைக்காது. கார்த்திகை வாக்கில் ஒரு முறை, தைக்குப் பிறகு ஒரு முறை என்று போட்டோகிராபர் இரண்டு தடவை வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் கெட்டால் மறுநாள் வருகைக்கு யார் பணம் கொடுப்பது என்பதும் தாளில் இருக்க வேண்டும். சரிசெய்து தரும் படங்கள் இத்தனை, டிசைன் திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் இவ்வளவு என்று எண்ணிக்கையாக எழுதுங்கள். “திருப்தி வரும்வரை” என்று எழுதிய இடத்தில்தான் சண்டை வருகிறது. பை அச்சுக்கு சிலிண்டர் வெட்டிவிட்டால் ஒரு எழுத்தை மாற்றவும் மறுபடி செலவு. அதனால் எடை, விலை, முகவரி, உணவு உரிம எண் ஆகியவற்றைச் சரிபார்த்து ஒப்புதல் தரும் பொறுப்பு உழவருடையது என்று ஒரு வரி சேருங்கள்.

ஓப்பன் ஃபைல் தருவாரா என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிட வேண்டும். அது இல்லாமல் பி.டி.எஃப். மட்டும் கையில் இருந்தால், அடுத்த ஆண்டு கவுனிக்குப் பை போடும்போது புதிய டிசைனர் எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டும்.

கட்டணத்தில் எங்கள் பரிந்துரை இது: வேலை தொடங்கும்போது ஒரு பங்கு, மாதிரி காட்டும்போது ஒரு பங்கு, மீதி வந்த பிறகு ஓப்பன் ஃபைலும் உரிமைப் பத்திரமும். மீதிப் பணம் வந்த நாளில்தான் உரிமை மாறும் என்ற வரி டிசைனருக்குப் பாதுகாப்பு.

படங்களில் உழவரின் உரிமையை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் போட்டோகிராபர் அவற்றைத் தன் வேலை மாதிரியாகக் காட்ட அனுமதி எழுதப்பட வேண்டும். அவர் தானாக முன்பே எடுத்து வைத்திருந்த வயல் படத்தை யாராவது கேட்டால் கதை வேறு. அதை எடுக்கச் சொன்னவர் யாரும் இல்லாததால் அது அவருடையது. பைக்கு மட்டுமா, பேனருக்குமா, எத்தனை ஆண்டுக்கு என்று எழுத்தில் அனுமதி வாங்கிப் பணம் கொடுக்க வேண்டும்.

பதிப்புரிமை யாரிடம் இருந்தாலும், படத்தில் முகம் தெரியும் நடவுப் பெண்களிடம் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சங்கம் வலியுறுத்துகிறது. படம் பையில் வரப்போகிறது என்பதை அவர்களுக்குப் படித்துச் சொல்லி, வேண்டாம் என்பவரின் படத்தை விட்டுவிட வேண்டும். இந்தக் கையெழுத்தை வாங்கித் தருவது போட்டோகிராபரின் வேலையா, உழவரின் வேலையா என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.