ஒட்டுப்போட்ட n: மீள்வரு தொடர்புகளைக் கற்பிப்பதில் நிகழும் ஓர் ஏய்ப்பு

புனே ஹடப்சரின் நகலகங்களில் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கும் தேர்வுக் குறிப்புகளிலும், சென்னைக் கல்லூரி மாணவர் கையிலுள்ள பாடநூல்களிலும் ஒரே வாக்கியம் மொழி மட்டும் மாறித் தவறாமல் இடம்பெறுகிறது: சிறப்பியல்புச் சமன்பாட்டின் மூலங்கள் சமமாக இருந்தால், இரண்டாவது தீர்வை n ஆல் பெருக்கிக்கொள்க. ஏன் n? ஏன் n + 7 அன்று, ஏன் log n அன்று? இக்கேள்விக்கு அந்நூல்கள் பெரும்பாலும் தரும் விடை ஒன்றே: பிரதியிட்டுப் பார், சரியாக வரும்.

சரியாகத்தான் வரும். ஆனால் பூட்டைத் திறந்த சாவி, தான் எவ்வாறு செய்யப்பட்டது என்பதைச் சொல்லாது. பிரதியிட்டுச் சரிபார்ப்பது ஒரு தீர்வு தீர்வே என்பதை மட்டும் காட்டுகிறது. அத்தீர்வு எங்கிருந்து வந்தது என்பதையோ, வேறு தீர்வுகள் இல்லை என்பதையோ அது காட்டுவதில்லை. இதன் விளைவு கண்கூடு. சம மூலம் என்பது ஒரு நோய் என்றும், n என்பது அதற்கு இடும் ஒட்டு என்றும் மாணவர் மனத்தில் பதிகிறது. உண்மையில் அந்த n ஓர் எண்ணிக்கை. அது எதை எண்ணுகிறது என்பதைக் காட்டப் பொருத்தமான எடுத்துக்காட்டு இந்நாட்டு யாப்பிலக்கணத்திலேயே கிடைக்கிறது.

பிராகிருத யாப்பில் லகு ஒரு மாத்திரை, குரு இரண்டு மாத்திரை. n மாத்திரை கொண்ட அடியை எத்தனை வகையாக அமைக்கலாம்? விரகாங்கர் பிராகிருதத்தில் இயற்றிய யாப்பு நூலிலும், பின்னர் 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரிடமும் இதற்கான விதி தெளிவாக உள்ளது. அடி லகுவில் முடிந்தால் முன்னே n−1 மாத்திரை எஞ்சும்; குருவில் முடிந்தால் n−2 எஞ்சும். ஆகவே வகைகளின் எண்ணிக்கையை S(n) எனக் குறித்தால்,

S(n) = S(n−1) + S(n−2), S(0) = S(1) = 1

இதிலிருந்து 1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்ற வரிசை பிறக்கிறது. 1202இல் ஃபிபொனாச்சியின் நூல் தோன்றுமுன்பே இவ்விதி இங்கே எழுதப்பட்டுவிட்டது. இவ்வளவும் பலருக்கும் தெரியும். பெருமிதப் பதிவுகளில் அடிக்கடி சுற்றுவதும் இதுவே. அப்பதிவுகள் மறந்துவிடும் ஒன்று உண்டு. முந்தைய இரண்டைக் கூட்டு என்னும் விதி வேறு. முந்தையவற்றை நாடாமல் n ஐ மட்டும் கொண்டு நேரே கணிக்கும் மூடிய வடிவம் வேறு. முன்னது யாப்பியலாருடையது. √5 இடம்பெறும் பின்னதை வகுத்தது 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பகுப்பாய்வு. அதற்குப் பெயர் கொடுத்த பினேயின் காலமோ 1843. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது விரகாங்கருக்கும் பெருமை சேர்ப்பதன்று.

மூடிய வடிவத்தை அடையும் வழி எளியது. தீர்வு xⁿ என்ற உருவில் இருப்பதாகக் கொண்டால் x² = x + 1 என்ற சிறப்பியல்புச் சமன்பாடு கிடைக்கும். அதன் மூலங்கள் φ = (1+√5)/2, ψ = (1−√5)/2. இரண்டும் வெவ்வேறானவை; எனவே S(n) = (φⁿ⁺¹ − ψⁿ⁺¹)/√5. இங்கே ஒட்டு எதுவும் தேவைப்படவில்லை. பெரும்பாலான வகுப்புகள் ஃபிபொனாச்சியை இவ்விடத்தில் விட்டுவிட்டு, சம மூலத்துக்கு a(n) = 4a(n−1) − 4a(n−2) போன்ற, எதையும் எண்ணாத ஒரு கணக்கை எடுத்துக்கொள்கின்றன. பிழை நேர்வது இவ்விடத்தில்தான்.

யாப்பியலார் வகைகளை எண்ணியதோடு நின்றுவிடவில்லை. பிற்கால நூல்களில் மர்க்கடி எனப்படும் அட்டவணை ஒன்று வருகிறது. எல்லா வகைகளையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தம் எத்தனை குரு, எத்தனை லகு என்பதை அது தொகுத்துத் தரும். நான்கு மாத்திரையை எடுத்துக்கொள்வோம். குருவை G என்றும் லகுவை L என்றும் எழுதினால் வகைகள் ஐந்து: GG, GLL, LGL, LLG, LLLL. குருவின் மொத்தம் 2 + 1 + 1 + 1 + 0 = 5; லகுவின் மொத்தம் 10.

n மாத்திரைக்குரிய குரு மொத்தத்தை G(n) என்போம். முன்போலவே அடியின் இறுதியைப் பார்க்கலாம். லகுவில் முடியும் அடிகளில் உள்ள குருக்கள் G(n−1). குருவில் முடியும் அடிகளில் முன்பகுதியிலுள்ளவை G(n−2). அவற்றோடு ஒவ்வோர் அடியின் இறுதிக் குருவும் சேரும், அத்தகைய அடிகள் S(n−2). எனவே,

G(n) = G(n−1) + G(n−2) + S(n−2)

G(0) = G(1) = 0 எனத் தொடங்கினால் 0, 0, 1, 2, 5, 10, 20, 38, 71 எனச் செல்லும். இங்கே G(n) − G(n−1) − G(n−2) என்ற வேறுபாடு S(n−2) ஆகிறது. அந்த S தானும் அதே விதிக்குக் கட்டுப்பட்டது. ஆகவே அவ்வேறுபாட்டின் மீது அதே செயலை மறுபடி நிகழ்த்தினால் சுழியே எஞ்சும். விரித்தால்,

G(n) = 2G(n−1) + G(n−2) − 2G(n−3) − G(n−4)

இதன் சிறப்பியல்புச் சமன்பாடு x⁴ − 2x³ − x² + 2x + 1 = 0; அதாவது (x² − x − 1)² = 0. φ இருமுறை, ψ இருமுறை. யாரும் வலிந்து புகுத்தாமல், ஒரு நேர்மையான எண்ணிக்கையிலிருந்தே சம மூலங்கள் தோன்றிவிட்டன.

இப்போது ஒட்டுப்போடாமல் முயன்றால் என்னவாகும்? G(n) = Aφⁿ + Bψⁿ என்று கொண்டால், G(0) = 0 என்பதால் A + B = 0; G(1) = 0 என்பதால் A, B இரண்டுமே சுழி. அப்படியாயின் எல்லா G(n)-உம் சுழியாக வேண்டும். ஆனால் இரு மாத்திரையில் ஒரு குரு கண்முன் நிற்கிறது. நான்கு தொடக்க மதிப்புகளை நிறைவுசெய்ய இரண்டு மாறிலிகள் போதா. குறையும் இரண்டு தீர்வுகளைத் தேடியே ஆக வேண்டும்.

அவற்றை ஊகிக்க வேண்டியதில்லை, எண்ணினாலே போதும். குருக்களின் மொத்தத்தை எண்ணுவது என்பது, ஓர் அடியை எடுத்து அதில் ஒரு குருவின்மேல் விரல் வைக்கும் வழிகளை எண்ணுவதே. விரல் வைத்த குருவுக்கு இடப்புறம் k மாத்திரை இருந்தால் வலப்புறம் n−2−k மாத்திரை இருக்கும். இரு புறமும் தடையின்றி அமையலாம். ஆகவே G(n) என்பது, k = 0 முதல் n−2 வரை, S(k)·S(n−2−k) என்ற பெருக்கங்களின் கூடுதல். நான்கு மாத்திரைக்கு 1·2 + 1·1 + 2·1 = 5; முன்பு கண்ட அதே விடை.

S(k) ஏறத்தாழ φᵏ⁺¹/√5. S(n−2−k) ஏறத்தாழ φⁿ⁻¹⁻ᵏ/√5. பெருக்கினால் k மறைந்து φⁿ/5 மட்டும் நிற்கிறது. விரல் எங்கிருந்தாலும் பங்களிப்பு ஏறத்தாழ ஒன்றே. அத்தகைய இடங்கள் n−1. ஆகவே கூடுதல் ஏறத்தாழ nφⁿ/5. ஒட்டு என்று கருதப்பட்ட n, விரல் வைக்கத்தக்க இடங்களின் எண்ணிக்கை. முழுமையான வடிவம்:

G(n) = n(φⁿ + ψⁿ)/5 − (φⁿ − ψⁿ)/(5√5)

n = 7 இல் φ⁷ + ψ⁷ = 29, (φ⁷ − ψ⁷)/√5 = 13; (7·29 − 13)/5 = 38. வரிசையோடு பொருந்துகிறது.

இடப்புறம் r என்ற மூலமும் வலப்புறம் அதற்கு வேறான s என்ற மூலமும் ஆண்டிருந்தால் என்னவாகும் என்பதையும் கேட்க வேண்டும். அப்போது rᵏsⁿ⁻¹⁻ᵏ என்ற n உறுப்புகளின் கூடுதல் (rⁿ − sⁿ)/(r − s) எனச் சுருங்கிவிடும். N மறைந்து, rⁿ-உம் sⁿ-உம் தனித்தனியே நிற்கும். r = s ஆனால் அச்சுருக்கம் இயலாது, சுழியால் வகுக்க வேண்டி வரும். ஆனால் கூடுதல் அங்கேயேதான் இருக்கிறது: சமமான n உறுப்புகள், அதாவது nrⁿ⁻¹. வேறு மூலம், சம மூலம் என்று இரு விதிகள் இல்லை. கூடுதல் ஒன்றே, ஒரு நிலையில் அது சுருங்குகிறது, மறு நிலையில் எண்ணிக்கையாக நிற்கிறது.

“தேர்வுக்கு விதி போதும், காரணம் எதற்கு?” என்பது வழக்கமான மறுப்பு. காரணம் அறிந்தவருக்கு மட்டுமே வாய்க்கும் பயன்கள் இரண்டைச் சொல்லலாம். முதலாவது, தரவைக் கண்டே சம மூலத்தை ஐயுறும் திறன். S(21)/S(20) என்ற விகிதம் ஆறு தசம இடங்கள்வரை φ இன் மதிப்பான 1.618034 ஐத் தொட்டுவிடுகிறது. G(21)/G(20) = 100610/59155, ஏறத்தாழ 1.701. இருபது படி கடந்தும் விகிதம் φ ஐ நெருங்கத் தயங்குகிறது. ஏனெனில் n(+1) வந்து அதை ஏறத்தாழ φ(1 + 1/n) ஆக்குகிறது. இவ்வளவு மந்தமான நெருக்கம் கண்டால் சம மூலத்தை ஐயுற வேண்டும். விதியை மட்டும் மனனம் செய்தவர் கணக்கில் பிழை என்று எண்ணி அழித்து எழுதுவார்.

இரண்டாவது, கெழுவைப் படிக்கும் திறன். G(n) ஐ S(n) ஆல் வகுத்தால் ஓர் அடிக்குச் சராசரியாக எத்தனை குரு என்பது கிடைக்கும். n பெரிதாகும்போது அது ஏறத்தாழ 0.2764n − 0.1236. ஏழு மாத்திரைக்கு இச்சூத்திரம் 1.811 என்கிறது; உண்மை மதிப்பு 38/21, அதாவது 1.810. n இன் கெழு, ஒரு மாத்திரைக்கு எத்தனை குரு என்ற அடர்த்தி. மாறிலி, அடியின் இரு முனைகளிலும் நேரும் திருத்தம். எல்லா வகைகளும் சம வாய்ப்புடையவை என்று கொண்டால் குருவின் பங்கு இவ்வளவு. ஒரு கவிஞரின் அடிகளில் இதிலிருந்து விலகல் இருந்தால் அங்கே மொழியோ மரபோ ரசனையோ செயல்படுகிறது. யாப்பையும் மொழியையும் ஆராய்வோருக்கு இது ஓர் அளவுகோல். தமிழுக்கு இதை அப்படியே பொருத்த இயலாது. நேர், நிரை அசைகளால் அமையும் நம் யாப்பில் எண்ணவேண்டிய அலகு வேறு, ஆகவே தொடர்பும் வேறாகும்.

ஆசிரியர்கள் செய்யவேண்டுவது பெரிதன்று. விதியைக் கரும்பலகையில் எழுதுமுன் நான்கு மாத்திரையின் ஐந்து வகைகளையும் எழுதச் செய்து, குருக்களை எண்ணச் சொல்லலாம். பிறகு ஒரு வினா மட்டும் கேட்கலாம்: ஒரே அடியில் இரண்டு குருக்களின்மேல் விரல் வைத்தால் சமன்பாடு என்னவாகும்? அடி மூன்று துண்டாகும், (x² − x − 1)³ வரும், இரு விரல்களுக்கான இடங்கள் n² இன் அளவில் பெருகும். மும்மடி மூலத்துக்குரிய விதியை யாரும் சொல்லித்தராமலே மாணவர் எழுதிவிடுவர்.