பொய்த் திருவிழாவில் தொலையட்டும் குழந்தைகள்

காணும் பொங்கலன்று மெரினாவுக்கு வரும் குழந்தைகளின் கையில் காவல் துறையினர் அடையாளப் பட்டை கட்டிவிடுகிறார்கள். அதில் பெற்றோரின் கைபேசி எண் இருக்கும். பயனுள்ள ஏற்பாடு. ஆனால், தொலைந்த குழந்தையை யாராவது கவனித்து, கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பட்டைக்கு வேலை. அதற்கு முந்தைய சில நிமிடங்கள் முழுக்கக் குழந்தையின் கையில் இருக்கின்றன. அழுதுகொண்டே ஓடுமா, தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுமா, யாரிடமாவது போய்ச் சொல்லுமா என்பதை எந்தப் பட்டையும் தீர்மானிக்காது. அந்த நிமிடங்களுக்குப் பிள்ளையைப் பழக்க நம் அங்கன்வாடிகளால் முடியும். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய இரண்டு வாரங்களில், வகுப்பறையில் ஒரு பொய்த் திருவிழா கூட்டி, அதில் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொலைய விட வேண்டும்.

சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1988இல் அமெரிக்காவில் போச், யோடர், மில்டன்பர்கர் ஆகிய மூன்று ஆய்வாளர்கள், அந்நியர் கூப்பிட்டால் என்ன செய்வது என்பதைச் சிறு குழந்தைகளுக்குப் பல விதங்களில் கற்பித்துப் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்கு வழக்கமான பாதுகாப்புப் பாடம். சிலருக்குக் காணொளி மட்டும். இன்னும் சிலருக்குக் காணொளியோடு, அதைத் தாங்களே நடித்துப் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. பிறகு நிஜம்போலவே ஒரு சூழலை உண்டாக்கிச் சோதித்தபோது, நடித்துப் பார்த்த பிள்ளைகளே மற்றவர்களைவிட நன்றாகத் தப்பினார்கள். நான்கு வயதுக் குழந்தைக்குக் கேள்விக்குப் பதில் சொல்வது ஒரு திறமை, பயந்திருக்கும்போது சொன்னபடி செய்வது வேறொரு திறமை. இரண்டாவது பழக்கத்தால் மட்டுமே வருகிறது.

போதாததற்கு, நாம் சொல்லும் அறிவுரையே பிள்ளையைக் குழப்புகிறது. “தெரியாதவங்ககிட்ட பேசாதே” என்று தினமும் சொல்கிறோம். கூட்டத்தில் தொலைந்த குழந்தைக்குச் சுற்றிலும் இருப்பவர்கள் எல்லாருமே தெரியாதவர்கள்தான். 2005இல் யூட்டா மாநில மலைக்காட்டில் வழிதவறிய 11 வயதுச் சிறுவன் ஒருவன், தேடி வந்தவர்களைக் கண்டும் ஒளிந்துகொண்டான். அந்நியரிடம் பேசக் கூடாது என்பது அவன் மனத்தில் அவ்வளவு பதிந்திருந்தது. நான்கு நாள் கழித்துத்தான் கிடைத்தான். பதினொரு வயதுக்கே இந்த நிலை.

பொய்த் திருவிழாவுக்குச் செலவு அதிகமில்லை. தரையில் சாக்பீஸால் தெரு வரைந்து, வளையல் கடை, பலூன்காரர், பஞ்சு மிட்டாய் வண்டி, காவலர் கூடாரம் என்று மூலைக்கு ஒன்றாக வைத்தால் போதும். பழைய புடவைகளைக் கொடியில் குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கவிட வேண்டும். இது அலங்காரத்துக்கு அல்ல. நான்கு வயதுப் பிள்ளையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். கூட்டத்தில் அதற்குத் தெரிவது இடுப்பும் முழங்காலும் பைகளும்தான், முகம் தெரியாது. புடவைகள் அந்த மறைப்பைக் கொண்டுவரும். கைபேசியில் மேளச் சத்தத்தை உரக்க வைத்தால் கத்திக் கூப்பிடவும் பழக்கம் வரும்.

முதல் நாள் பொம்மை தொலையட்டும். பிள்ளைகள் கடைக்காரராகவும் காவலராகவும் இருந்து அதைக் கண்டுபிடிக்கட்டும். உதவுகிறவராக இருந்து பார்த்த குழந்தைக்கு உதவி கேட்கக் கூச்சம் குறையும். அதற்குப் பிறகு பிள்ளைகளின் முறை. ஐந்து வயதுச் செல்வி என்று ஒருத்தியை வைத்துக்கொள்வோம். அவள் வளையல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அம்மாவாக நடிக்கும் ஆயா புடவைக்குப் பின்னால் நகர்ந்துவிடுகிறார். செல்வி திரும்பிப் பார்க்கிறாள், ஆளில்லை. ஓடத் தொடங்குகிறாள். பெரும்பாலான பிள்ளைகள் செய்வது இதைத்தான். ஆட்டத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. டீச்சர் அவளை நிறுத்தி, தானே ஒரு முறை தொலைந்து காட்டுகிறார்: அப்படியே நிற்கிறார், அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார், பக்கத்துக் கடையில் உட்கார்ந்திருப்பவரிடம் போய், “நான் தொலஞ்சுட்டேன், எங்கம்மா பேரு லட்சுமி” என்கிறார். செல்வி உடனே அதே இடத்திலிருந்து மறுபடி ஆடுகிறாள்.

நிற்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளையைக் காணாத பெற்றோர் முதலில் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத்தான் திரும்பி வருவார்கள். இருவரும் தேடி அலைந்தால் ஒருவரையொருவர் தாண்டிப் போவார்கள். கூட்டம் நெருக்கித் தள்ளினால் மட்டும் நிற்கக் கூடாது, கடை ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். கடற்கரையில் அலைப் பக்கம் போகவே கூடாது. இந்த விதிவிலக்கையும் தனியாக ஒருநாள் ஆடிப் பழக்கலாம். “தொலைஞ்சா காந்தி சிலைக்கு வந்துடு” என்பது பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது. நான்கு வயதுக்கு அது இன்னொரு முறை தொலைவதற்கான வழி.

பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழக்குவதும் எளிதல்ல. அம்மா பெயரைச் சொல்வது மரியாதைக் குறைவு என்று வீட்டில் வளர்ந்த பிள்ளை தயங்கும். ஆனால் அந்த இரைச்சலில் “அம்மா” என்ற குரல் நூறு பேருடையது. “லட்சுமீ” என்ற குரல் வந்தால் ஒரு லட்சுமி திரும்புவார். யாரிடம் கேட்பது என்பதையும் முகம் பார்த்து முடிவெடுக்கச் சொல்ல முடியாது. கடையில் உட்கார்ந்திருப்பவர், கைக்குழந்தை வைத்திருக்கும் அம்மா, சீருடைக் காவலர் என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளம் வேண்டும். அவர்களில் யார் “வா, அம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்றாலும், “இங்கேயிருந்தே போன் பண்ணுங்க” என்று சொல்லி அங்கேயே நிற்பதையும் ஆட்டத்தில் சேர்க்க வேண்டும். பெரியவர்கள் 112 அல்லது 1098க்கு அழைக்கலாம்.

கைபேசி எண்ணில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் அதைப் பாட்டாக ஒப்பிப்பார்கள். கேட்பவர் நடுவில் “இரு, மெதுவா சொல்லு” என்றதும் பாட்டு அறுந்து, பாதி எண் மறந்துபோகும். அதனால் பொம்மை போனில் ஒவ்வொரு எண்ணாக அழுத்தி, வேண்டுமென்றே இடைமறித்துக் கேட்டுப் பழக்க வேண்டும். அப்படியும் பத்து எண்ணும் நிற்காத பிள்ளைக்கு அம்மா பெயர் போதும், எண்ணைப் பட்டை பார்த்துக்கொள்ளும்.

பிள்ளை சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறதென்றால் அது டீச்சரின் முகத்தைப் படிக்கிறது என்று பொருள். டீச்சர் கண் காட்டாமல், அடுத்தது என்ன என்று எடுத்துக்கொடுக்காமல் இருந்து பார்க்க வேண்டும். வகுப்பறையில் கற்றது வகுப்பறையோடு நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. ஒருநாள் பள்ளி மைதானத்திலும், கூட்டமில்லாத நாளில் கோயில் பிராகாரத்திலும், பிள்ளையைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு இதையே ஆடினால்தான் வந்ததா இல்லையா என்று தெரியும். நிஜக் கூட்டத்தில் சோதனை கூடாது. ஆட்டத்திலேயே தேம்பி அழும் பிள்ளைக்குப் பொம்மை ஆட்டம் இன்னும் சில நாள் நீளட்டும்.

கடைசிச் சுற்றுக்குப் பெற்றோரை அழைக்க வேண்டும் என்பேன். ஏன் என்று தெரிய, பிள்ளைகளிடம் அம்மா வேடத்தைக் கொடுத்துப் பாருங்கள். தொலைந்த பிள்ளை கிடைத்ததும் சிலர் முதலில் முதுகில் ஓர் அடி வைப்பார்கள். பயத்தில் பெரியவர்கள் செய்வதைத்தான் அவர்கள் செய்து காட்டுகிறார்கள். கிடைத்தால் அடி விழும் என்று தெரிந்த பிள்ளை, கூப்பிடும் குரல் கேட்டும் ஒளிந்துகொள்ளக்கூடும். நிஜ அம்மாவே புடவை மறைப்புக்குப் பின்னாலிருந்து வந்து, “நின்ன இடத்திலேயே நின்னியே, என் தங்கம்” என்று தூக்கிக்கொள்வதை விடுமுறைக்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தடவையாவது அனுபவித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு பிற்பகல் நேரம் போதும்.