நான் ரோபோ இல்லேன்னு சொன்னது ஒரு குத்தமாய்யா?

போன்ல கண்ட கண்ட நோட்டிஃபிகேஷன் வருதுன்னு யாராவது சொன்னா, நம்ம மாதிரி பொட்டி தட்டுற ஆசாமிகள் உடனே சொல்ற பதில், "கண்டதையும் அமுக்கினா இப்படித்தான்". எனக்கு இந்த பதில் சுத்தமா பிடிக்கலை. அமுக்கினவர் மேல தப்பு இல்லை, கேட்ட விதத்துல தான் தப்புங்கறது என் கட்சி. ஏன்னு சொல்றேன்.

திருநெல்வேலியில எங்க பெரியப்பா, வயசு 67. விட்டுப்போன சீரியல் எபிசோடு ஒண்ணைத் தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போயிருக்கார். அதுக்கப்புறம் ராத்திரி பகல்னு இல்லாம "உங்க போன்ல 5 வைரஸ்", "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கு"ன்னு இங்கிலீஷ்ல செய்தி. பயந்து போய் கடையில காட்ட, கடைக்காரப் பையன் குரோம் ஹிஸ்டரியை அழிச்சு, ஒரு 'கிளீனர்' ஆப்பையும் போட்டு, 200 ரூபாய் வாங்கியிருக்கான். மறுநாள் காலைல மறுபடியும் 5 வைரஸ்! ஊருக்குப் போனப்ப கேட்டேன். "நான் தப்பா ஒண்ணும் அமுக்கலப்பா. ரோபோ இல்லேன்னு சொல்லச் சொன்னான், சொன்னேன். அவ்ளோதான்"னார்.

அவர் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. நடந்தது இதுதான். ஒரு தளம் நோட்டிஃபிகேஷன் அனுப்ப அனுமதி கேட்கணும்னா அதுக்குத் தேவை இந்த ஒரே ஒரு வரி:

```js
Notification.requestPermission();
```

இதைக் கண்டதும் குரோம் தன்னோட சின்னப் பெட்டியைக் காட்டும். இன்ன தளம் உங்களுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்ப விரும்புது, Allow-வா Block-ஆ? இந்தப் பெட்டிக்குள்ள தளத்தால ஒரு எழுத்தைக் கூட மாத்த முடியாது. ஆனா பெட்டிக்குப் பின்னாடி இருக்கற பக்கம் முழுக்க அவங்க ராஜ்ஜியம். அங்க ஒரு ரோபோ படத்தைப் போட்டு, "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிப்படுத்த Allow அழுத்துங்கள்"னு பெருசா எழுதி வெச்சிருப்பாங்க. வீடியோ ஓட, டவுன்லோடு ஆக, வயசு 18 ஆச்சுன்னு சொல்லன்னு வேற வேற வேஷத்துலயும் இதே வரி வரும். ஒரே திரையில ரெண்டு பேர் பேசறாங்க. ஒருத்தர் பிரவுசர், இன்னொருத்தன் ஏமாத்துக்காரன். கேள்வி பிரவுசரோடது, அதுக்கு அர்த்தம் சொல்றது ஏமாத்துக்காரன். பேங்க் தளத்துல நிஜமாவே "நான் ரோபோ இல்லை" கட்டத்தை டிக் பண்ணிப் பழகின மனுஷனுக்கு இதுல என்ன வித்தியாசம் தெரியும்?

சரி, Block அழுத்தினா தப்பிச்சோமா? அந்தத் தளம் மறுபடி கேட்க முடியாதுங்கறது வாஸ்தவம். ஆனா அனுமதிங்கறது தள முகவரிக்கு முகவரி தனி. அதனால Block அழுத்தின மறுநொடியே முகவரியோட முன்பாதியை மட்டும் மாத்தி இன்னொரு பக்கத்துக்குத் தள்ளி, அங்க மறுபடி அதே ரோபோ. சலிச்சுப் போய் எங்கயாவது ஒரு Allow விழுந்தா போதும். பெரியப்பா போன்ல அனுமதி வாங்கின தளங்கள் மொத்தம் 9. அதுல 6 ஒரே தளத்தோட வேற வேற முன்பாதிகள்!

அனுமதி கிடைச்சதும் அந்தத் தளம் பிரவுசருக்குள்ள 'சர்வீஸ் வொர்க்கர்'னு ஒரு குட்டி நிரலை உட்கார வெச்சிடும். செய்தி கூகிளோட புஷ் சர்வர் வழியா வந்து இந்த நிரலை எழுப்பும். அதனால தான் டேபை மூடினாலும், குரோமைத் திறக்கவே இல்லேன்னாலும் செய்தி வந்து குதிக்குது. கடைக்காரப் பையன் ஹிஸ்டரியை அழிச்சது ஏன் பலிக்கலைன்னு இப்ப புரியும். போன பக்கங்களோட பட்டியல் வேற, கொடுத்த அனுமதிகளோட பட்டியல் வேற.

இது நிஜமாவே வைரஸா, இல்ல இந்த அனுமதி விவகாரமான்னு கண்டுபிடிக்கறது சுலபம். செய்தியில படம், தலைப்பு எல்லாம் அவங்க இஷ்டத்துக்கு வைக்கலாம், வாட்ஸ்அப் சின்னம் மாதிரி கூட வைக்கலாம். ஆனா அதுல Chrome-ங்கற பேரையும் தள முகவரியையும் போடறது பிரவுசர். அதை மறைக்க அவங்களால முடியாது. முகவரி இருந்தா அது வெறும் அனுமதி தான், போன்ல ஒண்ணும் புகுந்துடலை. முகவரி இல்லாம வேற ஆப் பேர் இருந்தா, இந்தப் பதிவுல சொல்றது உதவாது. அந்த ஆப்பைத்தான் தூக்கணும்.

நிறுத்தற வழி (ஆண்ட்ராய்டு குரோம்):

1. வந்த செய்தியைத் தட்டாதீங்க. தட்டினா அவங்க பக்கத்துக்குத்தான் போகும்.
2. குரோம்ல ⋮ அழுத்தி Settings → Site settings → Notifications போங்க.
3. அனுமதி வாங்கின தளங்கள் அங்க வரிசையா இருக்கும். பேர் தெரியாத ஒவ்வொண்ணையும் தொட்டு அனுமதியை எடுத்துடுங்க. ஒண்ணை எடுத்ததும் நிறுத்திடாதீங்க, கடைசி வரைக்கும் பாருங்க.
4. அதே பக்கத்துல மேல இருக்கற சுவிட்சையும் அணைச்சிடுங்க. இனிமே எந்தத் தளமும் கேள்வியே கேட்காது.

மூணாவதும் நாலாவதும் ரெண்டுமே செய்யணும். மேல இருக்கற சுவிட்ச் இனிமே வரப்போற கேள்விகளுக்கு மட்டும்தான். ஏற்கனவே கொடுத்த அனுமதியை அது தொடாது. பெரியப்பா போன்ல ரெண்டையும் செஞ்சு, அந்த 'கிளீனர்' ஆப்பையும் தூக்கினேன். மொத்தம் அஞ்சு நிமிஷம். அதுக்கப்புறம் வைரஸ் ஏதும் வரலை :-)

பிரவுசர் காரங்களுக்கு இந்த விவகாரம் தெரியாம இல்லை. 2020 ஜனவரியில வந்த ஃபயர்ஃபாக்ஸ் 72-ல, பக்கத்துல நாம எதையாவது தொட்டாத்தான் தளம் அனுமதி கேட்க முடியும்னு ஆக்கினாங்க. அதே வருஷம் குரோமும் தொந்தரவு பண்ற தளங்களோட கேள்வியை ஓரமா ஒதுக்க ஆரம்பிச்சுது. நல்லது தான், ஆனா ரோபோ படத்துக்கு இது போதாது. ஏன்னா அங்க பயனரே மெனக்கெட்டுத் தொடுறார். முதல் தடவையா போற தளம் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது, வேணும்னா பயனரே தேடிப்போய் ஆன் பண்ணிக்கட்டும். அந்த சுவிட்ச் அணைஞ்ச நிலையில தான் போன் கைக்கு வரணும். இதுதான் என் வாதம்.

"மெயில், சாட் எல்லாம் என்ன ஆகும்?"னு கேப்பீங்க. நியாயம். அதுக்கெல்லாம் போன்ல பெரும்பாலும் தனி ஆப் இருக்கு. இல்லாதவங்க அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கலாம். ஒண்ணு ரெண்டு பேருக்கு ரெண்டு நிமிஷ வேலை மிச்சம் பண்றதுக்காக எல்லா பெரியப்பாக்களையும் ரோபோ முன்னாடி நிறுத்தணுமா?

கடைசியா நம்ம பதிவர் மக்களுக்கு ஒரு வார்த்தை. "புதுப்பதிவு வந்தா சொல்லட்டுமா?"ன்னு உள்ளே நுழைஞ்சதுமே கேட்கற நிரல்துண்டை நம்மள்லயே சில பேர் வார்ப்புருவுல ஒட்டி வெச்சிருக்கீங்க. கெட்ட எண்ணம் இல்லைன்னு தெரியும். ஆனா ஒரு வரி கூடப் படிக்கறதுக்கு முன்னாடி வர்ற அந்தக் கேள்விக்கு, ஒண்ணும் யோசிக்காம Allow அழுத்தற பழக்கத்தை நாமளும் தான் வளர்க்கறோம். அந்தப் பழக்கத்தைத்தான் ரோபோ படக்காரன் அறுவடை பண்றான். ஓடை இருக்கு, மின்னஞ்சல் இருக்கு. அந்தத் துண்டை எடுத்துடுங்க, ப்ளீஸ்.

பி.கு: ஐஃபோன் சஃபாரியில முகப்புத் திரையில சேர்த்த தளம் மட்டும்தான் இந்த அனுமதியைக் கேட்க முடியும். அதனால அங்க இந்தத் தொல்லை இந்த ரூபத்துல வராது. மாற்றுக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல கும்முங்க, காத்திருக்கேன்.