அறிக்கை இரகசியமானதுதான், ஆனால் யாரிடமிருந்து?

காரியாலயம் ஒன்றில் பணிபுரியும் பெண் ஒருவர் தனது மேலதிகாரிக்கு எதிராகப் பாலியல் தொந்தரவு முறைப்பாடு கொடுத்தால், எமது ஊர்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கின்றது. ஒன்றில், மஃரிபுக்கு முன்னரே அவருடைய பெயர் வட்ஸ்அப் குழுமங்களில் வந்துவிடும். அல்லது, "விசாரணை முடிந்தது, அறிக்கை இரகசியமானது" என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்படும்.

கல்முனைக்குடி போன்று வீட்டுக்கு வீடு சொந்தபந்தம் உள்ள ஊரில் முதலாவது எவ்வளவு பாரதூரமானது என்பதை விளக்கத் தேவையில்லை. இரண்டாவதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். ஏனெனில் அது அநியாயம் என்பது வெளியில் தெரிவதில்லை. அது ஒழுங்குமுறை போலவே தோற்றமளிக்கும்.

இதற்கு நாமறிந்த மிகப் பெரிய உதாரணம் இந்திய உச்ச நீதிமன்றத்திலேயே உள்ளது. 2019 ஏப்ரல் 19ஆம் திகதி, அந்நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் 22 நீதியரசர்களுக்குச் சத்தியக்கடதாசி அனுப்பினார். அப்போதைய பிரதம நீதியரசர் ரஞ்சன் கோகோய் தன்னிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகவும், தான் இணங்காததால் அடுத்தடுத்து இடமாற்றப்பட்டுப் பணிநீக்கப்பட்டதாகவும் அதில் கூறியிருந்தார். கோகோய் அதனை முற்றாக மறுத்தார். அடுத்த நாளே நடந்த விசேட அமர்வில், தன் மீதான குற்றச்சாட்டு பேசப்படும் ஆசனத்தில் அவரே அமர்ந்தார். அவ்வாறு அமர்ந்திருக்கக் கூடாது என்பதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

பின்னர் நீதியரசர் எஸ்.ஏ. பொப்டே தலைமையில் மூவர் கொண்ட உள்ளகக் குழு அமைக்கப்பட்டது. அதிலிருந்த நீதியரசர் என்.வி. ரமணா, பிரதம நீதியரசருக்கு நெருக்கமானவர் என முறைப்பாட்டாளர் ஆட்சேபித்ததை அடுத்து விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாக நீதியரசர் இந்து மல்ஹோத்ரா வந்தார். நீதியரசர் இந்திரா பானர்ஜி ஏற்கெனவே இருந்தார். ஆக, மூவரில் இருவர் பெண்கள். இதுவரை குழு சரியாகவே நடந்தது எனலாம்.

ஆனால் மூன்று அமர்வுகளின் பின்னர், ஏப்ரல் 30ஆம் திகதி முறைப்பாட்டாளர் விசாரணையிலிருந்து வெளியேறினார். அவர் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். ஒரு காது சரியாகக் கேட்காத நிலையிலும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படவில்லை. விசாரணை ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்யப்படவில்லை. அவர் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி அவருக்கே தரப்படவில்லை. எந்த நடைமுறையில் விசாரணை நடக்கிறது என்பதும் சொல்லப்படவில்லை. அவர் இல்லாமலேயே விசாரணை தொடர்ந்தது. மே 6ஆம் திகதி ஓர் அறிவித்தல் வந்தது: குற்றச்சாட்டில் சாரம் எதுவும் இல்லை, அறிக்கை பகிரங்கப்படுத்தப்படமாட்டாது.

அறிக்கையின் பிரதி பிரதம நீதியரசருக்குச் சென்றது. முறைப்பாட்டாளர் எழுத்தில் கேட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. இரகசியம் என்ற பெயரில் ஒரு தரப்புக்கு மட்டும் கதவு மூடப்பட்டது.

இதற்கு ஆதாரமாக 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று காட்டப்பட்டது. கர்நாடக மாநில நீதிபதிகள் சிலர் மீதான விசாரணை அறிக்கையை வெளியிடக் கோரிச் சட்டத்தரணி இந்திரா ஜெய்சிங் தொடுத்த வழக்கு அது. அவர் அங்கே மூன்றாம் தரப்பு. பொதுமக்கள் சார்பில் கேட்டவர். 2019இல் கேட்டவரோ முறைப்பாட்டாளர். தெருவில் நிற்பவருக்கும் வழக்கின் சொந்தக்காரிக்கும் ஒரே பதிலைச் சொன்னதுதான் தவறு.

இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. அதன் 16ஆம் பிரிவு, முறைப்பாட்டாளர், குற்றஞ்சாட்டப்பட்டவர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும் விசாரணை விபரங்களையும் வெளியிடத் தடை விதிக்கிறது. 13ஆம் பிரிவோ, விசாரணை முடிந்து பத்து நாட்களுக்குள் அறிக்கையை இரு தரப்பினருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. இரண்டும் முரணானவை அல்ல. இரகசியம் ஊருக்கு எதிரான மதில். முறைப்பாட்டாளருக்கு எதிரான மதில் அல்ல.

காரணம் சொல்லாத அறிக்கை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் உதவாது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். "சாரம் இல்லை" என்றால் என்ன? சம்பவம் நடக்கவேயில்லையா, நடந்தது நிரூபிக்கப்படவில்லையா, நடந்தது தொந்தரவாகாதா? இம்மூன்றும் வெவ்வேறு முடிவுகள். எது என்று சொல்லாதவரை நிரபராதியின் மீதும் சந்தேகம் காலம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கும். 2020 ஜனவரியில் அந்தப் பெண் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டதாகச் செய்தி வந்தபோது, மக்கள் மனதில் எழுந்த கேள்விகளுக்கு அந்த ஒற்றை வரியில் பதில் இருக்கவில்லை.

நமது நாட்டுக்கு வருவோம். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவு குற்றமாக்கப்பட்டது. ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் உள்ளவர் புரியும் தொந்தரவும் இதில் அடங்கும். ஆனால் அது பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் செல்லும் வழி. காரியாலயத்துக்குள் நடக்கும் விசாரணை, அரச துறையில் தாபனக் கோவையின் ஒழுக்காற்று நடைமுறைப்படி நடக்கிறது: முதலில் ஆரம்ப விசாரணை, முகாந்திரம் இருந்தால் குற்றச்சாட்டுப் பத்திரம், பின்னர் முறைசார் விசாரணை. இது நிருவாகத்துக்கும் உத்தியோகத்தருக்கும் இடையிலான நடைமுறை. முறைப்பாட்டாளர் இதில் ஒரு சாட்சி மாத்திரமே. சாட்சிக்கு யாரும் அறிக்கை கொடுப்பதில்லை. எனவேதான் பல பெண்களுக்குத் தமது முறைப்பாடு எங்கே நின்றது என்பதே தெரியாமல் போகிறது.

எமது சிற்றூர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அறிக்கையில் பெயரை நீக்கி "சாட்சி 2" என்று எழுதினால் போதும் என நினைக்கிறோம். "கணக்குப் பிரிவில் பணிபுரியும் சாட்சி 2" என்று அடுத்த வரியில் வந்தால், அந்தப் பிரிவில் ஒரேயொரு பெண்தான் இருக்கிறார் என்பது முழுக் காரியாலயத்துக்கும் தெரியும். பிரிவு, ஊர், உறவுமுறை, லீவு எடுத்த திகதி ஆகியவையே இங்கு பெயர்கள். விசாரணை உறுப்பினரும் அப்படித்தான். குற்றஞ்சாட்டப்பட்டவரின் மச்சானோ, ஒரே பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவரோ குழுவில் இருந்தால், அதனை முதல் நாளிலேயே எழுத்தில் சொல்லி விலக வேண்டும். ரமணா விலகியதில் நாம் எடுக்க வேண்டிய பாடம் இது.

இறுதியாக, எம்மவர்கள் சிலர் கேட்கும் கேள்வி: "நாலு சாட்சி எங்கே?" அந்த நிபந்தனை விபச்சாரக் குற்றச்சாட்டுக்கு உரியது. பெண்ணின் மானத்தைக் காக்கவே அது இறங்கியது. காரியாலயத் தொந்தரவு பற்றிய முறைப்பாடு விபச்சாரக் குற்றச்சாட்டு அல்ல. குறுஞ்செய்தி, வருகைப் பதிவேடு, சம்பவத்தன்று அவர் தோழியிடம் அழுதபடி சொன்னது என எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று முடிவு செய்வதே குழுவின் வேலை. மறுபுறம், ஒரு தரப்பைக் கேட்டது போல மற்றத் தரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அலி (ரழி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரையும் எமக்கு உண்டு. அது குற்றஞ்சாட்டப்பட்டவரையும் காக்கிறது.

விசாரணை அறிக்கை ஓர் அமானிதம். அதனை ஊருக்குக் கொடுப்பது மோசடி. உரியவரிடம் கொடுக்காமல் வைத்திருப்பதும் மோசடிதான். அடுத்த முறை "அறிக்கை இரகசியமானது" என்று எந்த நிருவாகமாவது சொன்னால், அறிக்கையை வெளியிடச் சொல்லிக் கூச்சலிட வேண்டாம். அது முறைப்பாட்டாளரின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேளுங்கள்.