வார்த்தையின்றி வந்த ஒரு படம்



ஒரு கதை சொல்கிறேன். இதில் வருபவருக்குப் பெயர் தேவையில்லை. நம் தெருவில் மூன்றில் ஒரு வீட்டுக்கு இது பொருந்தும்.

துபாயில் ஒரு கட்டடத்தின் இரவுக் காவலர் அவர். மாலை ஆறு மணி முதல் காலை ஆறு மணி வரை பணி. நள்ளிரவு கடந்து ஒன்றரை மணிக்குச் சிறிது ஓய்வு. அறையிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறக்கிறார். ஆறிப்போன பருப்பு, இரண்டு குப்பூஸ், ஒரு வெங்காயம். பிஸ்மி சொல்லுமுன் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்புகிறார். ஒரு சொல்லும் எழுதவில்லை. ஊரில் அப்போது அதிகாலை மூன்று மணி. ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் படத்தைப் பார்த்த மனைவி, "அல்ஹம்துலில்லாஹ், சாப்பிட்டுவிட்டார்" என்று நிம்மதியடைந்து, ஒரு பெருவிரல் குறியை அனுப்பிவிட்டு அடுப்படிக்குச் சென்றார்.

அந்தப் பெண்மணி மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படம் சொன்னது, "நான் சாப்பிட்டேன்" என்பதன்று. "என்னோடு யாரும் இல்லை" என்பதே அது. எழுத முனைந்தால் மனம் உடைந்துவிடும் என்று அஞ்சுபவர்தான் சொல்லை விடுத்துப் படத்தை அனுப்புகிறார்.

தனித்து உண்பது மார்க்கத்தில் குற்றமா? இல்லை. சேர்ந்து உண்பதிலும் தனித்தனியே உண்பதிலும் குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் தெளிவுபடுத்துகிறது. தோழர்கள் சிலர், "நாங்கள் உண்கிறோம், ஆனால் வயிறு நிறைவதில்லை" என்று முறையிட்டபோது, "நீங்கள் தனித்தனியாக உண்கிறீர்களோ?" என்றே நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. சேர்ந்து உண்ணுங்கள், அல்லாஹ்வின் பெயரைக் கூறுங்கள், பரக்கத் உண்டாகும் என்பது அவர்கள் காட்டிய வழி. உணவின் அளவை அவர்கள் கேட்கவில்லை; உடன் இருப்பவரைக் கேட்டார்கள். நாமோ, "என்ன சாப்பிட்டீர்கள்?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

உடன் அமர்வதற்குக் கடல் தடையாக இருக்கிறது. கடிகாரமும் தடையாக இருக்கிறது. நம் நேரத்துக்கு துபாய் ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. காலை ஆறு மணிக்குப் பணி முடித்து, அறைக்குத் திரும்பி, ஏழரை மணியளவில் அவர் கண்ணயரும்போது ஊரில் ஒன்பது மணி. பிற்பகல் இரண்டு மணிக்கு விழித்தால் இங்கே மூன்றரை. அங்கே ஐந்து மணிக்குப் பணிக்கான வண்டி புறப்படும்போது இங்கே ஆறரை. ஆக, வாப்பாவும் பிள்ளைகளும் ஒன்றாக விழித்திருந்து பேசக்கூடிய நேரம் ஏறத்தாழ மூன்று மணி நேரமே. அதிலும் ஒரு மணி நேரத்தைப் பள்ளிக்கூடம் எடுத்துக்கொள்கிறது. மாலை ஐந்து மணி முதல் மஃரிப் வரை மதரஸா எடுத்துக்கொள்கிறது. மிஞ்சுவது நாலரை மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட, பிள்ளைகள் முகம் கழுவி உடை மாற்றும் அரை மணி நேரம்.

மதரஸாவில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரவுப் பணியிலுள்ள தந்தையரின் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள்களாவது அரை மணி நேரம் தாமதித்து வர நிர்வாகங்கள் அனுமதிக்க வேண்டும். அந்நேரத்தில் அவர் விழித்தெழுந்து முதல் உணவை உண்பார். இங்கே பிள்ளைகள் தேநீர்த் தட்டோடு கைபேசி முன் அமரட்டும். கணக்கும் கடனும் அப்போது பேசப்பட வேண்டாம். ஓதிய சூராவை அவருக்கு ஓதிக் காட்டட்டும். தவறவிட்ட பாடத்தை மறுநாள் நாங்கள் ஈடுசெய்துகொள்வோம்.

எனினும் கைபேசியால் தீராத ஒன்று உண்டு. ஓர் இரவில், போருக்குச் சென்ற கணவனின் பிரிவால் ஒரு பெண் புலம்புவதை உமர் (ரலி) அவர்கள் செவியுற்றார்கள். ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கக் காலவரையறை விதித்தார்கள். அது நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. எந்த அறிவிப்பிலும் இரண்டு ஆண்டு இல்லை. நம்மவர் பலர் ஊர் வருவதோ இரண்டு ஆண்டுக்கொரு முறை.

கடனுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் பிரிந்திருப்பவரின் நிர்ப்பந்தத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மாடி மேல் மாடிக்காகவும், ஊர் மெச்சும் திருமண விருந்துக்காகவும் இன்னும் இரண்டு ஆண்டு என்று நீட்டப்படும் பிரிவு நிர்ப்பந்தமன்று. அதை வீட்டார் கேட்கிறார்கள். அவர் மறுக்கத் துணிவதில்லை. "இருப்பது போதும், இந்த ஆண்டு வந்துவிடுங்கள்" என்ற சொல் முதலில் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். வார்த்தையின்றி வரும் படத்துக்கு அதுவே தகுந்த மறுமொழி.

வஸ்ஸலாம்.