சரக்கு திரும்பியது, வரி திரும்புமா?

கோடம்பாக்கம் ஆற்காடு சாலையில் ஆயத்த ஆடை மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், 2025 ஆகஸ்டில் மதுரைக் கடை ஒன்றுக்கு 100 சுடிதார் செட் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். செட் 1,500 ரூபாய் வீதம் சரக்கு மதிப்பு 1,50,000. அன்றைய 12 சதவீதப்படி வரி 18,000. செப்டம்பரில் அதைக் கட்டியாயிற்று. தீபாவளிக்கும் விற்காத 20 செட், நவம்பரில் திரும்பி வந்தன. அவற்றுக்குக் கட்டிய வரி 3,600 ரூபாய்.

இதற்காக ஆகஸ்ட் கணக்கைத் திருத்த வேண்டியதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆவது பிரிவு, கிரெடிட் நோட் போட்ட மாதத்தின் கணக்கிலேயே அதைக் காட்டச் சொல்கிறது. நவம்பர் மாத ஜிஎஸ்டிஆர்-1இல் நோட்டைப் பதிந்தால், அந்த மாத விற்பனை வரியில் 3,600 குறையும்.

விகிதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு வரி 5 சதவீதம். நவம்பரில் பில் மென்பொருள் 5 என்றே போடும். அதை அப்படியே விட்டால் குறைவது 1,500 மட்டுமே. 2,100 ரூபாய் வியாபாரியின் கையைவிட்டுப் போகும். ஆகஸ்ட் பில்லில் இருந்த 12 சதவீதமே நோட்டிலும் இருக்க வேண்டும்.

கெடுவும் உண்டு. 2025-26 விற்பனைக்கு 2026 நவம்பர் 30, அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாள், இவற்றில் எது முந்தியோ அது. நவம்பர் தேதியிட்ட நோட் டிசம்பரில்தான் கணக்கில் ஏறும் என்பதால், அக்டோபருக்குள் போட்டுவிடுவதே பாதுகாப்பு. கெடு தாண்டினால் சரக்கின் பணத்தை நேர் செய்துகொள்ளலாம். வரி அரசிடமே தங்கிவிடும்.

2025 அக்டோபர் முதல் இன்னொரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது. மதுரைக் கடைக்காரர் தாம் எடுத்த வரி வரவில் 3,600-ஐத் திருப்பினால்தான் இங்கே வரி குறையும். ஒரே வரியில் இருவரும் பலன் பெறக் கூடாது என்பது நியாயமே. ஆனால், ஐஎம்எஸ் திரையில் அவர் நோட்டை நிராகரித்துவிட்டால், அடுத்த மாதம் அந்த 3,600 விற்றவர் தலையில் மீண்டும் ஏறுகிறது. சரக்கோ கோடம்பாக்கம் கிடங்கில் கிடக்கிறது. எதிர்த்துச் சான்று காட்ட அந்தத் திரையில் விற்றவருக்கு வழியில்லை. இது சரியல்ல.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில்லும் கட்டாயமில்லை. ஆகவே இந்த 30,000 ரூபாய் சரக்கு திரும்பியதற்கு லாரி ரசீதும் டெலிவரி சலானுமே சாட்சி. அவற்றைப் பதிவேற்றி நிராகரிப்பை மறுக்கும் உரிமையை ஜிஎஸ்டி கவுன்சில் விற்றவருக்குத் தர வேண்டும். அதுவரை, வாங்கியவரிடம் ஏற்பைக் கேட்டு வாங்கி, ஐஎம்எஸ்ஸில் நோட்டின் நிலையைப் பார்த்த பிறகே ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்வது நல்லது.